113 கியாட் கதை: கடைசிப் பக்கம் வேண்டுமா, வேண்டாமா?

மழைக்காலம் (யாங்கோன்)

நான் எழுதிய சிறுகதையின் கடைசிப் பக்கத்தை வைப்பதா வெட்டுவதா என்று தெரியவில்லை. காலம் 1987, பர்மா. ரங்கூனில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மோல்மேன் பெண் மாதக் கடைசியில் பணத்தை எண்ணுகிறாள். வியாழக்கிழமை ஊரில் அவளுடைய அப்பத்தாவுக்கு முதல் திவசம். ரயில் டிக்கெட்டா, புத்தகமா என்று யோசித்துப் புத்தகம் வாங்குகிறாள். கடைசிப் பக்கத்தில், சனிக்கிழமை, 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்ற அந்த அறிவிப்பு ரேடியோவில் வருகிறது. "நல்லவேளை, புத்தகமாவது வாங்கினேன்" என்று அவள் அழுகிறாள். அங்கே கதை முடிகிறது. எண்ணுகிற பகுதி இவ்வளவு நீளம் வேண்டுமா என்றும் சொல்லுங்கள். அந்தப் பகுதி இது:

"ஆகஸ்ட் 31, திங்கட்கிழமை. மெஸ் பாக்கியைக் கட்டிவிட்டு வந்து, மெத்தைக்கு அடியில் இருந்ததை எடுத்துக் கட்டில் மேல் பரப்பினாள். ஒரு எழுபத்தைந்து. ஒரு இருபத்தைந்து. ஒரு பத்து. மூன்று ஒற்றை நோட்டு. நூற்றுப் பதின்மூன்று. பன்சோடான் தெருவில் பார்த்து வைத்த வேதியியல் புத்தகம் இரண்டும் சேர்த்து எண்பத்தைந்து. செவ்வாய் வரைக்கும் எடுத்து வைப்பேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஊருக்கு ரயில் இருபத்திரண்டு, ஸ்டேஷனுக்கு பஸ் ஒன்று, மார்ட்டபானில் படகு இரண்டு, வழியில் டீக்கும் சோற்றுக்கும் மூன்று. போக இருபத்தெட்டு, வர இருபத்தெட்டு. ஐம்பத்தாறு. மறுபடியும் எண்ணினாள். அதே நூற்றுப் பதின்மூன்றுதான். மழை நிற்கவில்லை."

தாட்டன்காரன்

கடைசிப் பக்கத்தைத் தொடாதீர்கள். கதையின் உயிரே அதுதான். எண்ணுவதைப் பாதியாகக் குறைக்கலாம், விலைப்பட்டியல் படிப்பது போல இருக்கிறது. 1987 என்று ஒரு வரி போட்டாலே இங்கே இருக்கிற எவருக்கும் வயிற்றைப் பிசையும். அவள் பணத்தை எண்ண எண்ண, "ஐயோ, இன்னும் அஞ்சு நாள்தானே" என்று படிக்கிறவன் தவிப்பான். அந்தத் தவிப்புக்கு முடிவு ரேடியோ.

ஒரு யோசனை. எழுபத்தைந்தோடு ஒரு நாற்பத்தைந்து கியாட் நோட்டையும் சேருங்கள். அப்படி ஒரு நோட்டு உலகத்தில் வேறு எங்கும் இல்லை, காலம் உடனே கண்ணுக்குத் தெரியும்.

பெகு டீச்சர்

நான் வெட்டுகிற பக்கம். காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் கணக்கிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் முடிவைப் பற்றிப் பேசிப் பயன் இல்லை.

113-இல் புத்தகத்துக்கு 85 போனால் மீதி 28. ஊருக்குப் போக, போக மட்டும், நீங்களே எழுதியிருக்கிற செலவு 28. அதாவது புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு ஊருக்கும் போகலாம், ஒரு கியாட்கூடக் குறையவில்லை! வருகிற செலவை வீட்டில் வாங்கிக்கொள்ளலாமே? ஹாஸ்டலில் படித்த எல்லாரும் அப்படித்தான் போய் வந்தோம். போகக் காசு இருந்தால் போதும், வர அம்மா தருவாள். இதை உங்கள் கதாநாயகி யோசிக்கவே இல்லை. இரண்டு தடவை எண்ணுகிறாள், இரண்டு தடவையும் 113 வருகிறது. இரண்டாம் தடவை எண்ணுவதால் கதைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எண்ணுவது நீளம் என்று தாட்டன் தம்பி சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மெஸ் பாக்கி கட்டிய பிறகு எண்ண ஆரம்பிப்பது மிகச் சரி, ஏனென்றால் அதற்கப்புறம் இருப்பது மட்டும்தான் அவள் இஷ்டப்படி செலவு செய்யக்கூடிய பணம். டீக்கும் சோற்றுக்கும் மூன்று என்று எழுதியதும் சரி, மாதக் கடைசியில் அந்த மூன்றையும் சேர்த்துத்தான் மனசு கணக்குப் போடும். குறைக்க வேண்டாம். இரண்டாம் எண்ணிக்கையில் அவள் வேறு ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரயில் சினேகன்

படகு எதற்கு? தன்ல்வின் பாலம் 2005-இலேயே திறந்தாகிவிட்டது, அப்புறம் ரயிலும் பாலத்தின் மேலேயே போய்விட்டது. மார்ட்டபானில் இறங்கவே வேண்டாம். மாணவியாக இருந்தால் பஸ்தான் நல்லது, ரயில் குலுக்கல் உடம்புக்கு ஆகாது. மோல்மேன் போக என்ன விவரம் வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன்.

மழைக்காலம்

அண்ணே, இது 1987-இல் நடக்கிற கதை. அப்போது ரயில் மார்ட்டபானோடு முடிந்துவிடும், ஆற்றைப் படகில்தான் தாண்ட வேண்டும்.

டீச்சர், 28 எனக்கு உறைக்கவே இல்லை. எண்கள் எல்லாம் என் அத்தையின் செலவுக் குறிப்பிலிருந்து எடுத்தவை. கதையும் பெரும்பாலும் அவர்களுடையதுதான். நான் கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்க்கவில்லை. இப்போது அத்தையிடம் போனில் கேட்டேன். "ஒரு வழிக்குத்தான் காசு இருந்துச்சே, ஏன் போகலை?" என்றேன். "போனா வர முடியாது" என்றார்கள். அத்தையின் அப்பா ரப்பர் தோட்டத்தில் வேலை. திவசத்துக்கே கடன் வாங்கியிருந்தாராம். போய் நின்று வரச் செலவு கேட்டால், "இருந்துரு தாயி, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று சொல்லிவிடுவார் என்று பயந்தார்களாம்.

பெகு டீச்சர்

பார்த்தீர்களா, கதை அங்கேதான் இருந்திருக்கிறது! "டிக்கெட்டா புத்தகமா" என்பது மேலே தெரிகிற கேள்வி. இரண்டும் கிடைக்கும், ஆனால் திரும்பி வர முடியாது என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி. இரண்டு புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு மோல்மேனில் உட்கார்ந்திருப்பாள், பரீட்சை எழுத ரங்கூனுக்கு வர வழி இருக்காது. இதை அவள் கட்டில் மேல் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாம் தடவை எண்ணும்போது எழுபத்தைந்தையும் பத்தையும் ஒரு பக்கம் தள்ளிவைக்கட்டும். அது புத்தகம். மீதி இருபத்தைந்தும் மூன்று ஒற்றையும். அந்த இருபத்தெட்டைப் பார்த்ததும் ஒரு கணம் அவளுக்கு முகம் மலரட்டும், "ரெண்டும் ஆகும்" என்று தோன்றட்டும். அடுத்த வரியில் "போனா வர முடியாது." அத்தை சொன்ன அதே மூன்று சொல் போதும். கடன், ரப்பர் தோட்டம், அப்பா சொல்லப்போவது எதையும் அங்கே விளக்க வேண்டாம். முன்னால் எங்காவது ஒரு கடிதத்தில் அப்பா, "திவசத்துக்கு எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு, நீ ஒன்றும் கவலைப்படாதே" என்று எழுதியிருந்தால், அந்த ஏற்பாடு என்னவென்று படிக்கிறவருக்குப் புரிந்துவிடும்.

தாட்டன்காரன்

டீச்சர், எத்தனை கதவை அடைப்பது? தோழியிடம் புத்தகம் இரவல் வாங்கலாம், நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதி எடுக்கலாம், அறைத்தோழியிடம் கைமாற்று வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகலாம். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினால் அது கதையாக இருக்காது, வக்கீல் வாதமாகிவிடும்.

பெகு டீச்சர்

நியாயமான கேள்விதான் தம்பி. எல்லாவற்றையும் அடைக்கத் தேவையில்லை. எழுத்தாளர் தானே எண்களைப் போட்டுக் காட்டினாரே, அந்த எண்களிலிருந்து தானாக வெளியே வருகிற வழியை மட்டும் கட்டாயம் அடைக்க வேண்டும். 113, 85, 28 மூன்றையும் அச்சில் கொடுத்துவிட்டால் கணக்குத் தெரிந்த வாசகர் கழித்துப் பார்ப்பார். அப்புறம் அந்தப் பெண்ணின் மேல் இரக்கம் வராது, "இந்தப் பிள்ளைக்குக் கழிக்கத் தெரியவில்லையே" என்ற எண்ணம்தான் வரும். இரவல், கைமாற்று எல்லாம் கணக்குக்கு வெளியே இருப்பவை. மாதக் கடைசியில் ஹாஸ்டலில் யார் கையிலும் காசு இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும், அதை எழுத வேண்டியதில்லை. இரவல் புத்தகம் பற்றி மட்டும் ஒரு வரி தேவைப்படலாம். அதே பரீட்சையை எழுதுகிற பெண் அதே மாதத்தில் புத்தகத்தைக் கொடுக்க மாட்டாள்.

இன்னொரு சின்ன விஷயம். கதை சொல்கிற இடத்தில் "கியாட்" என்று எழுதுங்கள், அச்சில் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம். பேசுகிற இடத்தில் மட்டும் "சாட்" என்று வரட்டும். கடைக்காரர் "எண்பத்தஞ்சு சாட்" என்றால்தான் காதில் விழும்.

பழைய நோட்டு

வணக்கம். வயதானவன், நோட்டு சேகரிக்கிறவன். கதையின் நல்லது கெட்டது டீச்சருக்குத்தான் தெரியும். நோட்டு விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் நாற்பத்தைந்து. அதை இந்தக் கட்டில் மேல் வைக்கவே முடியாது. 45-உம் 90-உம் 1987 செப்டம்பர் 22-ஆம் தேதிதான் வெளிவந்தன, செல்லாமல் போனவற்றுக்கு மாற்றாக. ஆகஸ்ட் 31 அன்று அப்படி ஒரு நோட்டு யாரும் பார்த்திருக்கவில்லை. உங்கள் 75, 25, 10, 1 எல்லாம் சரி. அந்த நாளில் புழக்கத்தில் இருந்தவைதான்.

தாட்டன்காரன்

ஐயா, தவறுக்கு வருந்துகிறேன். ஆனால் 25-உம் 75-உம் செல்லாது என்று வந்தபோது பேங்கில் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றினார்களே? எங்கள் வீட்டில் வரிசையில் நின்று மாற்றியதாக அப்பா சொல்வார். அப்படியானால் அவளுக்கும் பாதியாவது திரும்ப வந்திருக்கும். கடைசிப் பக்கத்தில் அவள் வரிசையில் நிற்பதாக எழுதலாம்.

பழைய நோட்டு

உங்கள் அப்பா சொன்னது உண்மைதான் தம்பி, ஆனால் அது 1985. அந்த வருஷம் நவம்பர் 3-ஆம் தேதி 20, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்போது ஒரு வரம்பு வரைக்கும் மாற்றிக்கொள்ள விட்டார்கள். அதற்கு ஒரு வாரம் கழித்து, நவம்பர் 10-ஆம் தேதி, 75 கியாட் நோட்டு வந்தது. அதாவது உங்கள் கதாநாயகி கையில் இருக்கிற எழுபத்தைந்துக்கு இரண்டு வயதுகூட முடியவில்லை.

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை வந்தது வேறு. 25, 35, 75 மூன்றும் செல்லாது. மாற்றிக்கொள்ள வழியே இல்லை, ஒரு கியாட்கூடத் திரும்ப வரவில்லை. வரிசையில் நிற்பதாக எழுதினால் அந்தக் காலத்தை வாழ்ந்தவர்கள் கதையை அந்த இடத்திலேயே மூடிவிடுவார்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். டீச்சர் 28-ஐக் கண்டுபிடித்ததும் எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. 28 என்பது தொகை. அது எந்த எந்த நோட்டாக அவள் கையில் மிஞ்சியது என்பதை யாரும் கேட்கவில்லையே.

புத்தகக் கடையில் 85 கொடுக்க அவளுக்கு இரண்டு வழி. முதல் வழி, 75-உம் 10-உம். சரியான சில்லறை, மீதி வாங்க வேண்டியதில்லை. கையில் மிஞ்சுவது ஒரு 25, மூன்று ஒற்றை. சனிக்கிழமை அந்த 25 வெறும் காகிதம். ஹாஸ்டலில் அவளிடம் இருப்பது மூன்று கியாட்.

இரண்டாம் வழி, 75-உம் 25-உம் சேர்த்து நூறாக நீட்டுவது. கடைக்காரர் 15 திருப்பித் தர வேண்டும். அப்போது 15 கியாட் நோட்டு என்று ஒன்று இருந்தது, 1986-இல் வந்தது. செப்டம்பர் 5-ஆம் தேதி அதைத் தொடவில்லை, அது செல்லுபடியாகவே இருந்தது. அந்த ஒரு நோட்டையோ, பத்தும் ஐந்துமாகவோ கொடுத்திருப்பார். அவள் கையில் 15, 10, மூன்று ஒற்றை. அதே 28 கியாட். சனிக்கிழமைக்குப் பிறகும் 28 கியாட்.

ஒரே புத்தகம், ஒரே விலை, ஒரே மீதி. எந்த நோட்டை நீட்டினாள் என்பதில் ஊருக்குப் போகிற காசு பிழைத்தது அல்லது செத்தது. அவளுக்கோ அந்தச் செவ்வாய்க்கிழமை இது ஒன்றும் தெரியாது.

வியாசர்பாடி

நான் சென்னையிலிருந்து எழுதுகிறேன், எங்கள் குடும்பம் ரங்கூனிலிருந்து வந்தது. ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் பாட்டியின் தகரப்பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. 1964 மார்ச்சில் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாமல் போனது. பாட்டி அதில் இரண்டு நூறைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டுவிட்டார். கப்பலில் கொண்டுவந்து, பர்மா காலனி வீட்டில், சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். "ஏன் பாட்டி, செல்லாததுதானே" என்று கேட்டால், "அது செல்லும்போது உங்க தாத்தா கையில இருந்துச்சு" என்பார்.

அந்தப் பெண்ணின் அப்பத்தாவுக்கும் 1964 நடந்திருக்கும். அவர் நோட்டை நம்பியிருக்கவே மாட்டார். எதையாவது சாமானாக வாங்கி வை என்றுதான் சொல்லியிருப்பார். எங்கள் பாட்டி கடைசிவரைக்கும் கையில் காசு சேர்ந்தால் உடனே பித்தளையோ தங்கமோ வாங்கிவிடுவார்.

மழைக்காலம்

இது நான் நினைத்தே பார்க்காத இடம். அப்பத்தாவின் திவசத்துக்குத்தானே அவள் போகவில்லை. அப்பத்தா சொல்லிவந்ததைத்தான் அவள் செய்திருக்கிறாள் என்று ஆகிறது, தெரியாமலேயே.

பெகு டீச்சர்

வியாசர்பாடித் தம்பி சொன்னது கண்ணில் நீர் வரவழைத்துவிட்டது. ஆனாலும் மழைக்காலம், தயவுசெய்து அதை அவள் வாயில் வைக்காதீர்கள். "அப்பத்தா சொன்னபடியே செய்துவிட்டேன்" என்று அவள் ஆறுதல் அடைந்தால் போகாமல் விட்ட வலி போய்விடும். முதல் பக்கத்தில் அப்பத்தா நோட்டைத் தடவிப் பார்த்து, "காயிதம்" என்று சொல்லிவிட்டு மடியில் செருகுகிற ஒரு காட்சி போதும். பின்னால் யாரும் அதைத் தொட வேண்டாம்.

தாட்டன்காரன்

அப்படியானால் ஐயாவின் கணக்குப்படி என் பக்கம்தான் சரி. ரேடியோ வராமல் எந்த நோட்டு மிஞ்சியது என்பதற்கு அர்த்தமே இல்லையே? நான் சொன்ன காரணம் தவறாக இருக்கலாம், பக்கம் வேண்டும் என்பது சரி.

பெகு டீச்சர்

நான் வெட்டச் சொன்ன காரணத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் முதலில் எழுதியபடி, ரேடியோ வருகிறது, பணம் போகிறது, "நல்லவேளை, புத்தகமாவது வாங்கினேன்" என்று அவள் அழுகிறாள். இதில் என்ன நடந்துவிட்டது? அவள் பட்ட வேதனைக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து சரி என்று மதிப்பெண் போட்டுவிட்டார். டிக்கெட் வாங்கியிருந்தால் முட்டாள், புத்தகம் வாங்கியதால் புத்திசாலி. திங்கட்கிழமை இரவு அவளுக்குத் தெரிந்ததை வைத்து அவள் எடுத்த முடிவு அது. ஐந்து நாள் கழித்து வந்த செய்தியை வைத்து அதை எடை போடக்கூடாது. அதனால்தான் செவ்வாய்க்கிழமை அவள் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு மழையில் நடப்பதோடு முடியுங்கள் என்று நினைத்தேன். 1987 என்று மேலே இருக்கிறது. தெரிந்தவருக்குச் சனிக்கிழமை தானாக வரும்.

ஆனால் ஐயா சொன்னதற்குப் பிறகு எனக்கு முன்போல உறுதி இல்லை. ரேடியோ வந்து அவள் இழப்பது "பணம்" என்று இருந்தால் எனக்கு வேண்டாம். அந்த இருபத்தைந்தை, "எப்போது வேண்டுமானாலும் ஊருக்குப் போய்விடலாம்" என்ற தைரியத்துக்காக அவள் தனியாக மடித்து வைத்திருந்து, அது போகிறது என்றால், அது வேறு. அப்போது அறிவிப்பு அவள் முடிவைச் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. திறந்திருந்த ஒரு கதவை மூடுகிறது, அவ்வளவுதான்.

பழைய நோட்டு

இன்னும் ஒன்று இருக்கிறது, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அறிவிப்பு வந்தவுடனே ரங்கூன் மாணவர்கள் கொதித்துப்போய்த் தெருவுக்கு வந்தார்கள். பொறியியல் மாணவர்கள்தான் முதலில். உடனே பல்கலைக்கழகங்களை மூடி வெளியூர்ப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி திறந்தது அக்டோபர் கடைசியில். அதாவது டிக்கெட் வாங்காத உங்கள் கதாநாயகியும் ஒரு வாரத்துக்குள் மோல்மேன் போகிற ரயிலில்தான் இருந்திருப்பாள். திவசம் முடிந்திருக்கும்.

தாட்டன்காரன்

அதுதான் முடிவு! புத்தகத்தோடு படகில் ஆற்றைக் கடக்கிறாள். திவசம் முடிந்த வீடு. வேறு என்ன வேண்டும்? அதை விட்டுவிட்டு ஹாஸ்டல் அறையிலேயே முடிப்பது பெரிய இழப்பு.

பெகு டீச்சர்

இதில் நான் கொஞ்சமும் இறங்கி வர மாட்டேன். அவள் "போனா வர முடியாது" என்று பயந்தாளே, அந்தப் பயத்தைத் தாங்கிக்கொண்டு போகாமல் இருந்தாளே. அவளை வேறு யாரோ ரயிலேற்றி அனுப்பி, மறுபடி திறந்ததும் எல்லாரும் திரும்பி வரலாம் என்றும் ஆகிவிட்டால், அந்தத் திங்கட்கிழமை இரவுக்கு என்ன மதிப்பு? உண்மையில் நடந்தது என்பதற்காகக் கதையில் வைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. அது இன்னொரு கதை. அதை ஹாஸ்டலில் இருந்த எந்தப் பெண்ணைப் பற்றியும் எழுதலாம். இந்த 28 கியாட் இந்தப் பெண்ணிடம் மட்டும்தான் இருந்தது.

தாட்டன்காரன்

எனக்கு அப்படித் தோன்றவில்லை டீச்சர். அவள் பட்ட பாடு வீணாகிவிட்டது என்பதைத்தான் அந்த வருஷம் எல்லாரும் உணர்ந்தார்கள். எங்கள் ஊரில் மழைக்காலத்துக்கு அப்புறம் நெல் விற்கலாம் என்று இருந்தவர்கள், பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தவர்கள், அவரவர் கணக்கு அவரவர்க்கு இருந்தது. எல்லாக் கணக்கும் ஒரே நாளில் கலைந்தது. யார் எவ்வளவு யோசித்து முடிவெடுத்திருந்தாலும் ஒன்றுதான் என்று ஆனது. அதை மறைத்துவிட்டு அவள் முடிவுக்கு மட்டும் மரியாதை கொடுப்பது, அந்தக் காலத்துக்குச் செய்கிற நியாயமாக எனக்குப் படவில்லை.

பழைய நோட்டு

இரண்டு பேருமே சரியாகத்தான் பேசுகிறீர்கள், நான் நடுவில் வரவில்லை. மழைக்காலம் அம்மாவுக்கு ஒரு கேள்வி மட்டும். அவள் எந்த நோட்டை நீட்டுவாள்? எண்ணி எண்ணிச் செலவு செய்கிற பெண் சில்லறையைக் கைவிட மாட்டாள், பஸ்ஸுக்கு வேண்டும். அப்படிப்பட்டவள் பெரிய நோட்டு இரண்டையும் நீட்டி 15 வாங்கிக்கொள்வாள். இன்னொரு வகைப் பெண் இருக்கிறாள், மீதிச் சில்லறையில் ஏமாந்துவிடுவோமோ என்று பயந்து சரியாக எண்ணிக் கொடுப்பவள். அவள் 75-உம் 10-உம் கொடுப்பாள். அவள் எப்படிப்பட்டவள் என்று முதல் பக்கத்திலேயே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரேடியோவை வைப்பதா என்பது அதற்கப்புறம்.

ரயில் சினேகன்

1987 என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். மார்ட்டபான் படகில் நானும் சின்ன வயதில் போயிருக்கிறேன். மழைக்காலத்தில் அக்கரை தெரியாது. ரயிலை விட்டு இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லாரும் படித்துறைக்கு ஓடுவார்கள். படகு எழுதினால் அந்த ஓட்டத்தையும் எழுதுங்கள்.

மழைக்காலம்

எல்லாருக்கும் நன்றி. நேற்று அத்தை வீட்டுக்கே போனேன். எந்த நோட்டைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். புத்தகத்தின் பெயர்கூட அவர்களுக்கு இப்போது நினைவில்லை. ஆனால் இருபத்தைந்தை நாலாக மடித்து, புத்தகத்தின் அட்டைக்குள், உறை போட்ட காகிதத்துக்கு அடியில் வைத்தது நினைவிருக்கிறது. "அது ஊருக்குப் போற காசு, கையில வெச்சா செலவாயிரும்" என்றார்கள். சனிக்கிழமைக்குப் பிறகும் அதை எடுக்கவில்லையாம்.

அதனால் அவள் சரியாக எண்ணிக் கொடுக்கிற பெண். 75-உம் 10-உம். 45 நோட்டை மறந்துவிட்டேன், வரிசையையும். டீச்சர் சொன்னபடி எண்ணும் இடத்தை மாற்றி எழுதியிருக்கிறேன்:

"எழுபத்தைந்தையும் பத்தையும் சுவர்ப் பக்கம் தள்ளினாள். இந்தப் பக்கம் இருபத்தைந்தும் மூன்று ஒற்றையும். இருபத்தெட்டு. விரலை எடுக்காமல் பார்த்தாள். பஸ், ரயில், டீ, படகு. ரெண்டும் ஆகும். எழுந்து பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். பாதி இழுத்த பெட்டி அப்படியே நின்றது. போனா வர முடியாது."

கடைசிப் பக்கம் இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. ரேடியோவை எடுத்துவிட்டு, அவள் அட்டைக்கு உறை போடுவதோடு நிறுத்தி ஒரு தடவை எழுதினேன். ரேடியோவோடு ஒரு தடவை எழுதினேன், அதில் அவள் அழவில்லை, உறையைப் பிரிக்கவும் இல்லை. இரண்டையும் அத்தைக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

தாட்டன்காரன்

ரேடியோ உள்ளதை முதலில் படியுங்கள்.

பெகு டீச்சர்

எதை முதலில் படித்தாலும் சரி. அத்தை எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். அந்தப் "பாதி இழுத்த பெட்டி" வரியை மட்டும் யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்.